ஒரு வீடு, ஒரு கம்ப்யூட்டர், நாலு பேர், 3,000 வெள்ளி



போன வாரம் பூமாலை கட்டிக்கொண்டிருந்தபோது ஓர் அக்கா எங்களிடம் கேட்டார்: "பிள்ளைங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கணும். வீட்டுக்காரருக்கும் அதிலேயே வேலை இருக்கு. பெரியவன் கேமும் கேக்குறான். என்னத்த வாங்குறது?" அங்கே நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. 2024-இல் இதே கேள்வியோடு நாங்களும் அலைந்தோம். அதனால் எழுதியே போடுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு நிலவரம் இது. பெரியவன் அப்போது படிவம் நான்கு. சின்னவள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. அம்மா இரண்டு சிறு கடைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறார். அப்பாவுக்கு வாரத்தில் ஓரிரு நாள் ஒன்லைன் மீட்டிங். எல்லாருக்கும் சேர்த்து ஒரு பழைய மடிக்கணினி. மாதக் கடைசியில் ஒரு நாள் ராத்திரி, கடைப் பணியாளர்களின் சம்பளப் பட்டியல் போய்ச் சேர வேண்டும். அதே நேரம் சின்னவளின் பள்ளிப் பயிற்சிக்கும் அன்றுதான் கெடு. கணினி திறப்பதற்கே பத்து நிமிடம். சின்னவள் அழுதாள், அம்மா கத்தினார், சம்பளப் பட்டியல் மறுநாள்தான் போனது. பத்துப் பேருக்குச் சம்பளம் ஒரு நாள் தாமதம். அன்றைக்குத்தான் புதுசு வாங்குவதென்று முடிவெடுத்தோம். கையில் இருந்தது 3,000 வெள்ளி. அதற்குமேல் ஒரு காசு இல்லை.

பெரியவன் உடனே ஒரு கேமிங் மடிக்கணினியின் படத்தைக் காட்டினான். விலை 3,200. "அப்பா, இதுல எல்லாமே செய்யலாம், ஹோம்வொர்க்கும் செய்யலாம்." அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் எல்லாம் செய்ய முடியும் என்பதும், எங்கள் நாலு பேருக்கும் பொருந்தும் என்பதும் வேறு வேறு என்று பிறகுதான் புரிந்தது.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு காரியம் செய்தோம். பழைய கணினியின் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டினோம். யார் உட்கார்ந்தாலும் பெயர், நேரம், என்ன வேலை என்று எழுத வேண்டும். ஒரு வாரம் கழித்துக் கூட்டிப் பார்த்தோம். அம்மாவின் கணக்கு வேலை 12 மணி நேரம். பிள்ளைகளின் பள்ளிவேலை 9. அப்பாவின் மீட்டிங் 3. கேம் 5. மொத்தம் 29 மணி நேரத்தில் கேம் ஐந்துதான். வாரம் முழுக்க யாரும் கணினியை வீட்டுக்கு வெளியே தூக்கிப் போகவும் இல்லை. இந்த ஒரு தாளே பாதி விஷயத்தைத் தீர்த்துவிட்டது. தூக்கிப் போகாத பொருளுக்கு மடிக்கணினி எதற்கு? அதே காசுக்கு மேசைக் கணினி என்றால் பெரிய திரை கிடைக்கும். பிறகு ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்து, பழசு ஏன் இப்படி இழுக்கிறது என்று பார்த்தோம். Ctrl + Shift + Esc மூன்றையும் சேர்த்து அழுத்தினால் Task Manager வரும். சின்னவளின் பாடம், அம்மாவின் எக்செல் இரண்டும் திறந்திருக்கும்போது பார்த்தோம். CPU 30 விழுக்காடுதான். Memory 93. Disk 100. அதாவது கணினியின் மூளை சும்மா உட்கார்ந்திருக்கிறது. 4 ஜிபி ரேம் நிரம்பி வழிகிறது. ரேமில் இடம் இல்லாததை விண்டோஸ் வட்டில் எழுதி எழுதி எடுக்கிறது. அதுவோ சுழலும் பழைய வட்டு, அதனால் எல்லாரும் அதற்காகக் காத்திருக்கிறோம். எங்களுக்கு முதலில் தேவை போதிய ரேமும் எஸ்.எஸ்.டி.யும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

சரி, ரேம் எவ்வளவு? குடும்பக் கணினியில் கடைக்காரர் யாரும் சொல்லாத ஒரு விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஒருவர் எழுந்து இன்னொருவர் உட்காரும்போது நாம் யாரும் எல்லாவற்றையும் மூடுவதில்லை. Switch user என்று அழுத்தி மாறிக்கொள்கிறோம். முன்னால் இருந்தவர் திறந்து வைத்தது அத்தனையும் ரேமில் அப்படியே கிடக்கும். எங்கள் வீட்டுக்குத் தோராயமாகக் கணக்குப் போட்டோம். விண்டோஸுக்கு 3 ஜிபி. சின்னவளின் உலாவிப் பக்கங்களுக்கு 3. அம்மாவின் எக்செல், கணக்கு மென்பொருளுக்கு 2. பெரியவனின் கேமுக்கு 4. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் திரைக்காக ரேமிலிருந்தே ஒதுக்குவது 2. மொத்தம் 14. தனி ஆளுக்கு 8 ஜிபி ஓரளவு போதும். நாலு பேர் மாறி மாறி உட்காரும் வீட்டுக்கு 16 வேண்டும். பெரியவன் காட்டிய 3,200 வெள்ளி மடிக்கணினியில் இருந்தது 8. காசெல்லாம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போயிருந்தது. வாரம் ஐந்து மணி நேரத்துக்காக மற்ற 24 மணி நேரமும் திணற வேண்டியிருந்திருக்கும்.

இன்னொரு பக்கம் நண்பர் ஒருவர், அலுவலகங்களில் கழித்த கணினி 700 வெள்ளிக்குக் கிடைக்கிறது என்றார். நல்ல யோசனைதான், போய்ப் பார்த்தோம். இன்டெல் ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்போ 2025 அக்டோபர் 14 உடன் முடிகிறது என்று அப்போதே அறிவித்திருந்தார்கள். மற்றவர்களின் சம்பளக் கணக்கு இருக்கிற கணினியில் அந்த ஆபத்து வேண்டாம் என்று விட்டுவிட்டோம். உங்கள் பட்ஜெட் ஆயிரத்துச் சொச்சம்தான் என்றால், பழசு வாங்குவதில் தப்பே இல்லை. எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது, எஸ்.எஸ்.டி., 16 ஜிபி ரேம், இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். பெரிய கேமை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

கடைசியில் நாங்கள் எடுத்தது, கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் ரைசன் 5 5600ஜி சிப் போட்ட மேசைக் கணினி. 2024-இல் எங்களுக்கு ஆன செலவைச் சொல்கிறோம். சிப்பும் மதர்போர்டும் 890. ரேம் 16 ஜிபி 170. எஸ்.எஸ்.டி. 500 ஜிபி 180. பவர் சப்ளையும் பெட்டியும் 320. ஆகப் பெட்டிக்குள் 1,560. பெட்டிக்கு வெளியே 24 அங்குலத் திரை 400, விண்டோஸ் உரிமம் 550, மின்சாரம் போனால் தாங்கும் யூ.பி.எஸ். 180, கீபோர்டு, மௌஸ், கேமரா, ஹெட்செட், வைஃபை எல்லாம் சேர்த்து 260. வெளியே மட்டும் 1,390. மொத்தம் 2,950.

இந்த இரண்டாவது தொகையைத்தான் பலர் மறந்துவிடுகிறோம். கடைக்காரர் தரும் விலைப்பட்டியலில் பெரும்பாலும் பெட்டி மட்டும்தான் இருக்கும். விண்டோஸ் சேர்த்தியா என்று வாய்விட்டுக் கேளுங்கள். யூ.பி.எஸ்.-ஐ வீண் செலவு என்று நினைக்காதீர்கள். நம் ஊர்ச் சாயங்கால இடிமழையில் ஒரு நொடி கரண்டு போனாலும், மேசைக் கணினியில் சேமிக்காத வேலை போச்சு. மடிக்கணினிக்கு பேட்டரி உண்டு, இதற்கு இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு சங்கடம். அம்மாவின் வேலை பறக்கிறது, சின்னவளுக்கும் குறையில்லை. பெரியவன் முகம் மட்டும் தொங்கிப்போச்சு. அவன் விளையாடும் வலோரண்டில், கூட்டமாகச் சண்டை வரும்போது நொடிக்கு 50 படத்துக்குக் கீழே இறங்கித் திக்கியது. "நான்தான் சொன்னேனே" என்றான். எங்களுக்கும் மனசு கேட்கவில்லை. அவனுக்கென்று ஒதுக்கிய பங்கிலேயே குறை வைத்துவிட்டோமோ என்று இருந்தது.

மறுபடியும் Task Manager, Memory பக்கம். அங்கே Slots used: 1 of 2 என்று இருந்தது. நாங்கள் கேட்டது 8 ஜிபி ரேம் இரண்டு. கடையில் போட்டுக் கொடுத்தது 16 ஜிபி ஒன்று. அளவு ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் ரேமைத்தான் கடன் வாங்கி ஓடுகிறது. இரண்டு ரேம் என்றால் தரவு போய்வர இரண்டு பாதை, ஒன்று என்றால் ஒரே பாதை. எக்செல்லுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, கேமுக்கு உடனே தெரியும். ரசீதைக் கொண்டுபோய்க் காட்டினோம், முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டாகப் போட்ட பிறகு அதே கேம், அதே அமைப்பு, 90-லிருந்து 100 வரை ஓடியது. ஒரு காசு கூடுதல் செலவில்லை. பெரியவன் அன்று ராத்திரி எங்களிடம் பேச ஆரம்பித்தான்.

எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். புதிதாக வரும் பெரிய கேம்கள் இதில் ஒழுங்காக ஓடாது. அதற்காகத்தான் பவர் சப்ளையைக் கொஞ்சம் பெரிதாக, 550 வாட்டில் எடுத்தோம். அவன் வேலைக்குப் போய்ச் சொந்தக் காசில் கிராபிக்ஸ் கார்டு வாங்கினால் செருகிக்கொள்ளலாம். பிறகு, எத்தனை வேகமான கணினியாக இருந்தாலும் நாற்காலி ஒன்றுதான். அந்தத் தாளில் இன்னொன்றும் தெரிந்தது: மோதல் எல்லாம் இரவு எட்டிலிருந்து பத்துக்குள்தான். மாதத்தின் கடைசி மூன்று நாள் அந்த நேரம் அம்மாவுக்கு. சின்னவள் ஏழரைக்குள் முடிக்க வேண்டும். கேம் வெள்ளி, சனி மட்டும். ஆளுக்கொரு கணக்கு தனித்தனியாகப் போட்டு, பிள்ளைகளுடையதை நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்காக வைத்தோம். கண்டதை நிறுவி அம்மாவின் கோப்புகளுக்குக் கேடு வரக்கூடாது அல்லவா.

விலைகள் அப்போது கொடுத்தவை. அதன் பிறகு ரேம் விலை நன்றாக ஏறிவிட்டது, இன்றைய விலையைக் கேட்டுக் கணக்குப் போடுங்கள். ஆனால் வரிசை மாறாது: முதலில் ஒரு வாரத் தாள், பிறகு ரேமும் எஸ்.எஸ்.டி.யும், பிறகு பெட்டிக்கு வெளியே ஆகும் செலவு, மிச்சம் இருந்தால் கேம்.

அக்கா, வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது கடையில் கொடுத்த விலைப்பட்டியலைக் கையோடு எடுத்து வாருங்கள். மற்றவர்களும் கொண்டு வரலாம். பிரசாதம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகச் சேர்ந்தே பார்ப்போம்.