ஐந்து விடைகளும் ஒரு கிடைக்கோடும்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாதத்துக்கு ஒருமுறையாவது ஒரு கரும்பலகைப் படம் வந்து விழும். யாரோ சாக்பீஸால் ஒரு கணக்கை எழுதி, படம் எடுத்து, "பத்தில் ஒன்பது பேருக்குத் தெரியாது" என்று அடியில் எழுதி அனுப்பியிருப்பார்கள். பெரும்பாலும் நான் கண்டுகொள்வதில்லை. சென்ற மாதம் வந்த படத்தில் இருந்தது இது: ஒன்பது, கழித்தல் குறி, மூன்று, வகுத்தல் குறி, பிறகு மூன்றில் ஒன்று என்ற பின்னம், கடைசியில் கூட்டல் ஒன்று. பின்னத்தை மேலே 1, நடுவில் சின்ன கிடைக்கோடு, கீழே 3 என்று அடுக்கி எழுதியிருந்தார்கள். எட்டாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகள் அதை எனக்குத் தனியாக அனுப்பி, "சித்தப்பா, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எது கரெக்ட்?" என்று கேட்டாள்.

குழுவில் அதற்குள் 19, 9, 3, -1, 1 என்று ஐந்து விடைகள் வந்திருந்தன. விடை 1. ஆனால் எனக்கு ஆர்வம் தந்தவை மற்ற நான்கும்தான். கணக்கில் தவறான விடை சும்மா வராது. ஒவ்வொன்றும் எந்த இடத்தில் வழி மாறியது என்ற தடத்தைக் காட்டும்.

19 எப்படி வரும்? இடமிருந்து வலமாக, புத்தகம் படிப்பதுபோலப் போனால் வரும். ஒன்பதில் மூன்று போனால் ஆறு. ஆறை மூன்றில் ஒன்றால் வகுத்தால் பதினெட்டு. ஒன்றைக் கூட்டினால் 19. இங்கே பின்னத்தைச் சரியாகவே கையாண்டிருக்கிறார்கள், வகுத்தலுக்கு முந்திக்கொண்டு கழித்ததுதான் பிசகு.

3 என்றவர் பெரியப்பா. நாற்பது வருடம் அரிசி மண்டியில் கணக்கு எழுதியவர், கணக்கில் அவரை யாரும் லேசில் மடக்க முடியாது. "மெஷின்லயே போட்டுப் பாத்துட்டேன்டா, மூணுதான்" என்றார். அவருடைய மெஷின் கடைகளில் இருக்கும் சாதாரண கால்குலேட்டர். அதற்குப் பொறுமை கிடையாது. அடுத்த குறியை அழுத்திய மாத்திரத்தில் அதுவரை வந்ததை முடித்துவிடும். 9, கழித்தல், 3 என்று அழுத்தி வகுத்தலைத் தொட்டதும் திரையில் 6 வந்துவிட்டது. பிறகு ஒன்றால் வகுத்தால் 6, மூன்றால் வகுத்தால் 2, ஒன்றைக் கூட்டினால் 3. மெஷின் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்வியைத் தவிர வேறொன்றுக்குப் பதில் சொன்னது.

-1 தான் எனக்குக் கவலை தந்த விடை. அதைச் சொன்னது அண்ணன் மகளேதான். பள்ளியில் போட்மாஸ் என்று மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள்: அடைப்பு, அடுக்கு, வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல். அந்த எழுத்து வரிசையை அப்படியே ஏணிப்படியாக எடுத்துக்கொண்டால் கூட்டல் கழித்தலுக்கு முன்னால் வருகிறது. வகுத்தலை அவள் ஒழுங்காகத்தான் முடித்தாள்: மூன்றை மூன்றில் ஒன்றால் வகுத்தால் 9. மீதி 9 - 9 + 1. "கூட்டல்தானே முதல்ல?" என்று 9 + 1 = 10 போட்டு, ஒன்பதிலிருந்து கழித்து -1 என்று முடித்துவிட்டாள். உண்மையில் கூட்டலும் கழித்தலும் ஒரே படியில் நிற்பவை. இரண்டும் சேர்ந்து வந்தால் இடமிருந்து வலம். வகுத்தலும் பெருக்கலும் அப்படித்தான். ஆறு எழுத்துகள் இருப்பதால் ஆறு படிகள் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள், இருப்பவை நான்கே படிகள்தான். தேர்வில் இவள் இப்படி எழுதினால், விதியை நன்றாகப் படித்ததற்காகவே மதிப்பெண் போகும்.

மிச்சம் இருப்பது 9. இதைச் சொன்னவர் என்னைப்போலவே மென்பொருள் வேலையில் இருக்கும் அத்தை மகன். பைத்தானில் தட்டிப் பார்த்திருக்கிறான். அவன் தட்டியது முதல் வரி, தட்டியிருக்க வேண்டியது இரண்டாவது.

```
>>> 9 - 3 / 1/3 + 1
9.0
>>> 9 - 3 / (1/3) + 1
1.0
```

முதல் வரியில் வகுத்தல் குறி இரண்டு முறை வருகிறது. இரண்டும் ஒரே படி என்பதால் இடமிருந்து வலம்: மூன்றை ஒன்றால் வகுத்து, அதை மறுபடி மூன்றால் வகுத்தால் 1. ஒன்பதில் ஒன்று போய் ஒன்று வந்தால் ஒன்பது. கம்ப்யூட்டர் விதியைத் துளிகூட மீறவில்லை. ஆனால் படத்தில் இருந்ததை விசைப்பலகைக்கு மாற்றும்போது ஒன்று காணாமல் போயிருக்கிறது. அது அந்தச் சின்ன கிடைக்கோடு.

அடுக்கி எழுதிய பின்னத்தின் கோடு வெறும் வகுத்தல் குறி இல்லை. அது ஓர் அடைப்புக்குறியும்கூட. மேலே இருப்பதெல்லாம் ஒரு பொட்டலம், கீழே இருப்பதெல்லாம் ஒரு பொட்டலம், இரண்டும் சேர்ந்து ஒரே எண் என்று அது சொல்கிறது. கோட்டின் நீளமே பொட்டலத்தின் எல்லை. ஒரே வரியில் தட்டும்போது மேல் கீழ் என்ற இடமே இல்லாமல் போகிறது, கூடவே அந்த அடைப்பும் போய்விடுகிறது. அதை நாம்தான் கையால் போட்டுக்கொடுக்க வேண்டும். "அடைப்பை முதலில் செய்" என்ற விதியையும் நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அடைப்பு என்பது கூட்டல், கழித்தல்போல ஒரு செயலே இல்லை. 'இது உள்ளே ஒரே எண், பிரித்து எடுக்காதே' என்ற கட்டு, அவ்வளவுதான். உள்ளே என்ன எண் என்று தெரியாமல் வெளியே எதையும் செய்ய முடியாது என்பதால் அது முதலில் வருகிறது.

இதையெல்லாம் சொன்னதும் அவள் கேட்டாள்: "சரி, அடைப்பு புரியுது. வகுத்தல் ஏன் கூட்டலுக்கு முன்னாடி? யாரு சொன்னா?" நல்ல கேள்வி. விதி என்று வாயை அடைத்துவிடக் கூடாது.

நாலு பேர் ஆட்டோவில் போகிறோம், 120 ரூபாய், சமமாகப் பங்கு. வழியில் நான் மட்டும் 15 ரூபாய்க்கு டீ குடித்தேன். என் செலவு 15 + 120 ÷ 4, அதாவது 45 ரூபாய். முதலில் கூட்டிவிட்டு வகுத்தால் 33 ரூபாய் 75 காசு வரும். அப்படியென்றால் என் டீக்கு மற்ற மூன்று பேரும் காசு கொடுத்திருக்கிறார்கள். டீயும் பொதுச் செலவு என்றால் அதுவும் நியாயமான கணக்குதான், அப்போது (15 + 120) ÷ 4 என்று எழுதுவோம். "ரெண்டு கதையும் நடக்கக்கூடியதுதானே சித்தப்பா? அப்ப எதுக்கு அடைப்பு வேணும், எதுக்கு வேணாம்னு எப்படி முடிவு பண்றது?" என்றாள்.

அதற்குப் பதில் நம் எண்ணுப்பெயர்களிலேயே இருக்கிறது. முந்நூற்று நாற்பத்தைந்து என்கிறோம். மூன்று நூறு, நான்கு பத்து, ஐந்து. ஒட்டி நிற்பதைப் பெருக்கிவிட்டு, அப்புறம் கூட்டுகிறோம்: 3 × 100 + 4 × 10 + 5. எங்கும் அடைப்பு சொல்வதில்லை, யாரும் குழம்புவதும் இல்லை. மளிகைக்கடை ரசீதும் இதே வடிவம்தான். ஒவ்வொரு வரியிலும் அளவையும் விலையையும் பெருக்கு, கடைசியில் எல்லாவற்றையும் கூட்டு. பெரியப்பாவே மண்டியில் இதைத்தான் செய்துவந்தார். மூட்டையையும் விலையையும் பெருக்கி M+ பொத்தானை அழுத்துவார், அடுத்த வரி, மறுபடி M+. பொறுமையில்லாத அந்த மெஷினில் பெருக்கலுக்கு முன்னுரிமை வாங்கித்தருவதே அந்தப் பொத்தான்தான். அவரிடம் இதைச் சொன்னபோது, "அது கணக்கு, இது புதிர்" என்றார். நான் மேற்கொண்டு வாதாடவில்லை.

இன்னும் ஆழமான காரணமும் உண்டு. பெருக்கல் கூட்டலுக்குள் பரவும்: 5 × (2 + 3) என்பதை 5 × 2 + 5 × 3 என்று விரிக்கலாம். ஆகவே பெருக்கலுக்கு முன்னுரிமை கொடுத்தால், கூட்டலும் பெருக்கலும் கலந்த எதையும் விரித்து, அடைப்பே இல்லாமல் எழுதிவிட முடியும். மாற்றி, கூட்டலுக்கு முன்னுரிமை கொடுத்திருந்தால் இது நடக்காது. a × b + c × d என்ற எளிய ரசீதைக்கூட அடைப்பில்லாமல் எழுத வழியிருக்காது. அப்படி ஓர் உலகில் இயற்கணிதப் புத்தகங்கள் அடைப்புக்குறிகளால் நிரம்பி வழிந்திருக்கும். இயற்கை விதி என்று இதைச் சொல்ல முடியாது. ஸ்மால்டாக் என்ற நிரல்மொழியில் 2 + 3 * 4 என்றால் 20தான். ஆனாலும் இது யாரோ சீட்டுக் குலுக்கி எடுத்த வழக்கமும் இல்லை.

வகுத்தலில் ஒரு சங்கடம் இருக்கிறது. (15 + 120) ÷ 4 என்பதை 15 ÷ 4 + 120 ÷ 4 என்று விரிக்கலாம். ஆனால் 120 ÷ (4 + 2) என்பதை அப்படி உடைக்க முடியாது. ஆறு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 20 ரூபாய். 120 ÷ 4 + 120 ÷ 2 என்று உடைத்தால் 90. வகுத்தல் குறிக்கு வலப்பக்கம் இருக்கும் அடைப்பை மட்டும் இப்படி விரித்துக் கரைக்க முடியாது. நம் படத்தில் கிடைக்கோடு மறைத்து வைத்திருந்த அடைப்பு சரியாக அந்த இடத்தில்தான் இருந்தது. அத்தை மகனின் 9 வந்ததும் அதனால்தான்.

முன்னுரிமை என்பது எழுதாமல் விட்ட அடைப்புகள்தான் என்பதை ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கியவர்கள் நேரடியாகவே பயன்படுத்தினார்கள். 1957-இல் ஐபிஎம் 704 கணினிக்காக ஜான் பேக்கஸ் குழு எழுதிய அந்தக் கம்பைலர், சூத்திரத்தைப் படிக்கும்போதே அதில் அடைப்புகளைத் திணித்தது. அதை எளிமையாக்கிச் சொன்னால் இப்படி: ஒவ்வொரு கூட்டல் குறிக்கும் இருபுறமும் இரண்டிரண்டு அடைப்பு, பெருக்கல் குறிக்கு ஒவ்வொன்று, தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டிரண்டு.

```
2+3*4
((2))+((3)*(4))
```

பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் இதற்குப் பிறகு எது முதலில் என்ற கேள்வியே எழாது. கூட்டல் அதிக அடைப்புகளால் தன்னைத் தள்ளி வைத்துக்கொள்வதால் கடைசியில் நடக்கிறது. அண்ணன் மகளுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. படத்தில் இருந்த கணக்குக்குத் தானே போட்டு அனுப்பினாள்:

```
((9))-((3)/((((1)/(3)))))+((1))
```

மூலத்தில் இருக்கும் ஒவ்வொரு திறப்புக்குப் பின்னும் இரண்டு திறப்பு, ஒவ்வொரு மூடலுக்கு முன்னும் இரண்டு மூடல் கூடுதலாகப் போட வேண்டும் என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்தேன். எண்ணிப் பார்த்தேன், எல்லா அடைப்பும் மூடியிருந்தது. இதில் கழித்தலும் கூட்டலும் எல்லா அடைப்புகளுக்கும் வெளியே, ஒரே மட்டத்தில் நிற்பதை அவளே கவனித்தாள். "அப்ப ரெண்டும் சமம்தான். இடப்பக்கம் இருக்கறது முதல்ல" என்றாள். -1 அங்கே கழன்றுவிட்டது.

இரண்டு நாள் கழித்து அடுத்த படத்தோடு வந்தாள். உலகம் முழுக்கச் சுற்றிய 8 ÷ 2(2 + 2). அடைப்பு 4, அதுவரை சிக்கல் இல்லை. அதற்கு மேல், 2-க்கும் அடைப்புக்கும் நடுவே பெருக்கல் குறி எழுதப்படவில்லை. பள்ளி விதிப்படி இடமிருந்து வலம் போனால் 16. ஒட்டி எழுதியதைப் பிரிக்கக் கூடாது என்று எடுத்துக்கொண்டால் 1. இரண்டாவது பார்வையும் முட்டாள்தனம் இல்லை. 1/2π என்று ஓர் இயற்பியல் கட்டுரையில் இருந்தால், 2π முழுவதும் கீழே இருப்பதாகத்தான் எல்லோரும் படிக்கிறார்கள். கால்குலேட்டர்களும் இதில் ஒத்துப்போவதில்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஐ-82 ஒட்டி எழுதியதற்கு முன்னுரிமை தந்தது, அதற்குப் பின் வந்த டிஐ-83 தரவில்லை. அதே நிறுவனம், அதே கணக்கு, வேறு வேறு விடை.

"இதுல எந்த விடை எழுதட்டும் சித்தப்பா?" என்றாள். பரீட்சையில் இப்படிக் கேட்டால் 16 எழுது, பக்கத்தில் இரண்டு படிகளையும் காட்டு என்றேன். அனுப்பியவரிடம் அந்தக் கணக்கைப் பின்னமாக எழுதித் தரச் சொல்லு, கோடு இரண்டோடு நிற்கிறதா, அடைப்பையும் தாண்டிப் போகிறதா என்று கேள் என்றும் சொன்னேன். கேட்டிருக்கிறாள். அவருக்கும் தெரியவில்லையாம், வேறொரு குழுவிலிருந்து வந்த படம்.