இன்ஹேலரும் ஆன்டிபயாடிக்கும் வரவழைக்கும் வெண்படலம்

கேண்டிடா என்னும் பூஞ்சை, நலமாக இருக்கும் பலருடைய வாயிலும் சிறிதளவு இருக்கிறது. அது பெருகாமல் இரண்டு தடைகள் காக்கின்றன. வாயில் வாழும் பாக்டீரியாக்கள் இடத்தையும் உணவையும் அதற்கு விட்டுக்கொடுப்பதில்லை. அதையும் மீறி வளர்வதைச் சளிச்சவ்வின் எதிர்ப்பு அணுக்கள் அழித்துவிடுகின்றன.

ஆன்டிபயாடிக் முதல் தடையைத் தகர்க்கிறது. அது பாக்டீரியாவைக் கொல்லும். பூஞ்சையை ஒன்றும் செய்யாது. ஸ்டீராய்டு இரண்டாவதைத் தளர்த்துகிறது. இன்ஹேலரில் இழுக்கும் ஸ்டீராய்டு மருந்தின் பெரும்பகுதி நுரையீரலுக்குப் போவதில்லை. நாக்கிலும் தொண்டையிலும் படிந்து, விழுங்கும்போது உணவுக்குழாயையும் தொடுகிறது. படிந்த இடங்களில் எதிர்ப்புச் சக்தி மட்டுப்படுகிறது.

ஆஸ்துமாவுக்காக நாள்தோறும் புடிசோனைடு இழுக்கும் 58 வயதுக்காரர் ஒருவருக்கு நெஞ்சுச்சளி முற்றி, அமாக்சிசிலின்-கிளாவுலனேட் 7 நாள் கொடுக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். சளி அடங்குகிறது. ஆனால் நாக்கிலும் அண்ணத்திலும் தயிர்த் திப்பி போல வெள்ளைத் திட்டுகள் தோன்றுகின்றன. துணியால் துடைத்தால் அவை பெயர்ந்து, அடியில் சிவந்த, சில சமயம் இரத்தம் கசியும் பரப்பு தெரிகிறது. துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு வேறு நோயாக இருக்கலாம். அதைத் தனியே பரிசோதிக்க வேண்டும்.

அடுத்து அறிய வேண்டியது வலியின் இடம். திட்டுகள் வாயில் மட்டும் இருந்தால் எரிச்சலும் சுவைக்குறைவும் இருக்கும். ஒவ்வொரு கவளம் இறங்கும்போதும் நெஞ்செலும்புக்குப் பின்னால் வலித்தால், பூஞ்சை உணவுக்குழாய்வரை இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். டாக்சிசைக்ளின் மாத்திரையைத் தண்ணீர் போதாமல் விழுங்கிப் படுத்தாலும் இதே வலி வரும். அது மாத்திரை ஒட்டிய இடத்தில் உண்டான புண். அப்போது வாயில் வெண்படலம் இராது. ஆயினும், வாய் சுத்தமாக இருப்பதை மட்டும் வைத்து உணவுக்குழாயில் பூஞ்சை இல்லை என்று முடிவு செய்ய இயலாது.

வாயோடு நிற்கும் தொற்றுக்கு குளோட்ரிமசோல் அல்லது நிஸ்டாட்டின் போன்ற, வாயில் பூசும் அல்லது வைத்திருக்கும் மருந்து பெரும்பாலும் போதும். உணவுக்குழாய்த் தொற்றை அது குணப்படுத்தாது. அதற்கு வழக்கமாக ஃப்ளூகோனசோல் 14 முதல் 21 நாள் மருத்துவர் மேற்பார்வையில் தரப்படுகிறது. வார்ஃபரின் உட்கொள்பவருக்கு ஃப்ளூகோனசோல் இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். சில நாளில் வலி தணியாவிட்டால் எண்டோஸ்கோபி தேவைப்படும். இன்ஹேலரோ ஆன்டிபயாடிக்கோ பயன்படுத்தாதவருக்கு இந்தப் பூஞ்சைத் தொற்று வந்தாலும், திரும்பத் திரும்ப வந்தாலும், நீரிழிவும் எச்ஐவியும் பரிசோதிக்கப்பட வேண்டும்.

இன்ஹேலரைத் தாமாக நிறுத்துவது ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். ஒவ்வொரு முறை இழுத்த பிறகும் தொண்டைவரை கொப்பளித்துத் துப்பினால் படிந்த மருந்து குறையும். அந்தத் தண்ணீரை விழுங்கக் கூடாது. அழுத்தி இழுக்கும் ஸ்ப்ரே வகைக்கு ஸ்பேசர் பொருத்தினால் தொண்டையில் படிவது இன்னும் குறையும். பொடி வகைக்கு ஸ்பேசர் பொருந்தாது என்பதால் அங்கே கொப்பளிப்பதே முக்கியத் தடுப்பு. பல்செட் அணிபவர் இரவில் அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். இல்லையெனில் அதில் ஒட்டிய பூஞ்சை மறுபடியும் வாய்க்கு ஏறும்.