சாலையில் கரையும் சம்பளம்

வருசநாட்டிலிருந்து மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு வழியாகத் தேனி நகருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அங்குள்ள கடைகளிலும் பட்டறைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் நாள்தோறும் இச்சாலையில் போய் வருகின்றனர். சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் உடனே சொல்வார்கள். அதில் சாலைக்குக் கொடுப்பது எவ்வளவு என்றால், "பெட்ரோல் செலவுதான் சாமி" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

தேனியில் ஒரு கடையில் மாதம் 15,000 ரூபாய்க்கு வேலை செய்யும் இளைஞர் ஒருவர், தங்கையின் படிப்புக் கட்டணத்திற்கு வட்டிக்குக் கடன் வாங்கலாமா என்று அண்மையில் என்னிடம் யோசனை கேட்டார். கடனைப் பற்றிப் பேசும் முன் அவருடைய பயணச் செலவை இருவரும் தாளில் எழுதிப் பார்த்தோம்.

ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர். 25 வேலை நாட்களுக்கு 2,000 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது என்பதை விற்றவர் சொல்லால் அறிய முடியாது. டேங்கை முழுமையாக நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொண்டு, மறுமுறை நிரப்பும்போது ஊற்றிய லிட்டரால் ஓடிய தூரத்தை வகுக்க வேண்டும். அவருக்கு 50 கிலோமீட்டர் வந்தது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று எளிதாகக் கொண்டால், மாதம் 4,000 ரூபாய்.

செலவு இத்துடன் முடிவதில்லை. 90,000 ரூபாய்க்கு வாங்கிய வண்டியை ஐந்தாண்டு இப்படி ஓட்டினால், 1,20,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும். அப்போது 30,000 ரூபாய்க்கு விலைபோனால், கிலோமீட்டருக்கு 50 காசு தேய்மானம். ஆயில், டயர், செயின், இன்சூரன்ஸ் ஆகியவற்றுக்கு இன்னொரு 50 காசு. ஆக மாதம் 2,000 ரூபாய் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. மொத்தம் 6,000, சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு!

பேருந்தோ, 2018 ஜனவரிக் கட்டண மாற்றத்தின்படி, சாதாரணப் புறநகர்ப் பேருந்தில் கிலோமீட்டருக்கு 58 காசு. ஒரு வழிக்கு 25 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 1,250 ரூபாய்தான். பெண்களுக்கு 2021 மே மாதம் தொடங்கிய கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளுக்கு உரியது. புறநகர்ப் பேருந்துகளுக்கு அன்று. ஆகவே தங்கள் வழியில் நகரப் பேருந்து எதுவரை ஓடுகிறது என்று பெண்கள் கேட்டறிந்து, அந்தத் தூரத்தையேனும் அதில் கடக்கலாம்.

பிறகு ஏன் அவர் பேருந்தில் போவதில்லை? இரவு கடை மூடும்போது ஊருக்குரிய கடைசிப் பேருந்து போய்விட்டிருக்கும். எனவே மற்ற வழிகளையும் பார்த்தோம்.

அதே சாலையில் வேலைக்குப் போகும் ஒருவரைப் பின்னால் ஏற்றிச் சென்றால் ஆளுக்கு 3,000 ரூபாய். ஆனால் இருவரின் வேலை நேரமும் ஒத்துப்போக வேண்டும். வண்டிக்குச் சட்டம் கட்டாயமாக்கும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டுமே இருந்தால், பின்னால் அமர்பவருக்கு அதில் பாதுகாப்பு இல்லை. முழுமையான பாலிசி வேண்டும். தலைக்கவசமும் இரண்டு வேண்டும். நான்கு பேர் சேர்ந்து கார் ஓட்டலாமே என்றால், லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடும் காரில் பெட்ரோல் மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 110 ரூபாய்க்கு மேல் ஆகிறது. தேய்மானமும் சேர்ந்தால் தனியாக மோட்டார் சைக்கிளில் போகும் செலவை நெருங்கிவிடும்.

தேனியிலேயே தங்குவதானால், மூவர் பகிரும் அறைக்கு 1,500, வெளியில் உண்பதற்குக் கூடுதலாக 2,500, வாரம் ஒருமுறை ஊர் வந்துபோக 200. ஆக 4,200 ரூபாய். பணத்தில் 1,800 மிச்சம். சாலையில் கழியும் ஐம்பது மணி நேரமும் மிச்சம். ஆனால் நோயாளித் தாயைத் தனியே விட அவருக்கு மனமில்லை.

இறுதியில் வழி வேறிடத்தில் இருந்தது. காலையில் முதல் ஆளாக வந்து கடையைத் திறக்கிறேன், மாலைப் பேருந்துக்கு விடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டார். முதலாளி இசைந்தார், ஆனால் சம்பளத்தில் 1,000 ரூபாய் குறைத்தார். குறைந்த சம்பளம் என்று வீட்டார் வருந்தினார்கள். கணக்கோ வேறு சொன்னது: பயணத்தில் 4,750 மிச்சம், சம்பளத்தில் 1,000 இழப்பு, கையில் நிற்பது 3,750. வண்டியை விற்காமல் அவசரத்துக்கு வைத்திருப்பதால் இன்சூரன்சும், ஆண்டு ஏற ஏற விலை குறைவதும் தொடரும். அதற்காக 500 ரூபாயைக் கழித்தாலும் 3,250 நிற்கிறது. அவர் கடன் வாங்கவில்லை.

எனவே அன்பர்களே, புதிய வேலையொன்று 2,000 ரூபாய் கூடுதலாகத் தருகிறது என்று மகிழும் முன், அதன் தூரத்தையும், வேலை முடியும் நேரத்தையும், அந்த நேரத்தில் வீடு திரும்பப் பேருந்து உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். கடைசிப் பேருந்து தவறும் வேலைக்கு, அந்த இரண்டாயிரம் போதாது.