மூன்றால் வகுக்கவும்

மின்னலைப் பார்த்ததும் 'அர்ஜுனா, அர்ஜுனா' என்று சொல்லிக் காதைப் பொத்திக்கொள்பவர்கள் ஒரு வகை. 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று எண்ண ஆரம்பிப்பவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகையில் பெரும்பாலானோர் செய்யும் கணக்கு தப்பு. ஒன்பது எண்ணுவதற்குள் இடி வந்தால் மின்னல் ஒன்பது கிலோமீட்டரில் விழுந்தது என்று நிம்மதியாகச் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் அது விழுந்த இடம் மூன்றே கிலோமீட்டரில்.

காரணம் எளிது. மின்னலும் இடியும் ஒரே கணத்தில் பிறப்பவை. வெளிச்சம் விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடுவதால் பிறந்த மாத்திரத்தில் கண்ணுக்கு வந்துவிடுகிறது. சத்தம் பாவம், நம் ஊர் 30 டிகிரி வெயிலில் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர்தான் நகரும். ஒரு கிலோமீட்டரைக் கடக்கக் கிட்டத்தட்ட மூன்று விநாடி. எனவே எண்ணிக்கையை மூன்றால் வகுக்க வேண்டும். குளிர் பிரதேசத்தில் சத்தம் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போகும். பூஜ்ய டிகிரியில் 331 மீட்டர். வித்தியாசம் அற்பம், மூன்றால் வகுப்பது எங்கேயும் செல்லும். அமெரிக்கர்கள் மைல்காரர்கள் என்பதால் ஐந்தால் வகுக்கிறார்கள். வகுக்கவே மறந்தால் ஆபத்து மும்மடங்கு தூரத்தில் இருப்பதாக நம்பிவிடுவோம். இந்த மாதிரித் தப்பு எப்போதும் தைரியத்தின் பக்கமே சாய்கிறது.

எங்கள் அபார்ட்மென்ட்டில் ஏழாவது படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டாள். ஒரு செப்டம்பர் மாலை. சென்னையில் அந்த மாதத்து இடிமழை பெரும்பாலும் மேற்கே உள்நாட்டிலிருந்துதான் வரும். அவள் மொட்டை மாடியில் செல்போன் ஸ்டாப்வாட்சுடன் நின்றுகொண்டிருந்தாள். நான் காயப்போட்ட வேட்டியை எடுக்கப் போனவன்.

7.10-க்கு ஒரு மின்னல். 24 விநாடி கழித்து இடி. "எட்டு கிலோமீட்டர், அங்கிள்." 7.16-க்கு அடுத்தது, 15 விநாடி. "அஞ்சு." 7.22-க்கு 9 விநாடி. "மூணு." அதோடு நிற்கவில்லை. 12 நிமிஷத்தில் 5 கிலோமீட்டர் வந்திருக்கிறது, அதாவது மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம், பாக்கி மூணு கிலோமீட்டருக்கு ஏழு நிமிஷம் ஆகும் என்று மனசுக்குள்ளேயே போட்டுவிட்டாள்.

"இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு, அங்கிள்."

"இல்லைம்மா. இப்பவே இறங்கு."

"கணக்கு சரியாத்தானே இருக்கு?"

கணக்கு சரிதான். கணக்குக்கு ஆதாரமான அனுமானம்தான் சரியில்லை. அவள் மழை மேகத்தை ஒரே தடத்தில் வரும் டவுன் பஸ்ஸாக நினைத்துவிட்டாள். இடிமேகம் பல கிலோமீட்டர் அகலமானது. இந்த மின்னல் மேகத்தின் ஒரு மூலையில் விழும், அடுத்தது இன்னொரு மூலையில். போன மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் நடுவே சில கிலோமீட்டர் இருப்பது சர்வசாதாரணம். நாம் எண்ணியது விழுந்து முடிந்த மின்னலின் தூரத்தை மட்டும்தான். நம்மைப் பாதிக்கக்கூடியது விழப்போகிற மின்னல். அதற்கு எண்ணிக்கை கிடையாது.

படிக்கட்டில் இறங்கும்போதே பளீரென்று ஒன்று. 'ரெண்டு' சொல்வதற்குள் இடி. அரை கிலோமீட்டர்கூட இல்லை. அவள் வாட்சைப் பார்த்தாள். ஏழு நிமிஷத்தில் மூன்றுதான் ஆகியிருந்தது. பேசாமல் இறங்கினாள்.

கீழே வந்ததும் நல்ல கேள்வி ஒன்று கேட்டாள். "மூணாவது இடி ரொம்ப நேரம் உருண்டுதே, அங்கிள்? முதல்ல கேட்ட சத்தத்தை வச்சு எண்ணணுமா, கடைசியா கேட்டதையா?"

முதலில் கேட்டதைத்தான். மின்னல் என்பது ஒரு புள்ளி அல்ல, கிளைவிட்ட நீளமான பாதை. அந்தப் பாதையிலுள்ள காற்று ஒரு விநாடியின் மிகச் சிறிய பங்கில் கிட்டத்தட்ட 30,000 டிகிரிக்குச் சூடாகிறது. இது சூரியனின் மேற்பரப்பைவிட ஐந்து மடங்கு. சூடான காற்று வெடித்து விரிவதுதான் இடி. பாதை முழுக்க ஒரே சமயத்தில் வெடிக்கிறது. ஆனால் பக்கத்து முனையின் சத்தம் முதலிலும் தூரத்து முனையின் சத்தம் கடைசியிலும் வந்து சேர்கின்றன. அதனால்தான் உருளல்.

அன்றைய மூன்றாவது மின்னலில் சத்தம் ஒன்பதாவது விநாடியில் தொடங்கி 24-ஆவது விநாடி வரை உருண்டது. அப்படியானால் அதன் கிட்ட முனை மூன்று கிலோமீட்டரில், தூர முனை எட்டில். மின்னலின் நீளம் குறைந்தது ஐந்து கிலோமீட்டர். மேகத்துக்குள் படுத்தவாக்கில் ஓடுபவை இன்னும் நீளம். 2017 அக்டோபரில் அமெரிக்காவின் சமவெளிகளுக்கு மேலே ஓடிய ஒரே மின்னல் 829 கிலோமீட்டர் நீளம் என்று 2025-இல் உலக வானிலை அமைப்பு அறிவித்தது. சென்னையிலிருந்து கன்னியாகுமரியையும் தாண்டும் தூரம்!

எண்ணுவதில் இரண்டு இடங்களில் ஏமாறலாம். ஒன்று, மின்னல்கள் அடிக்கடி வெட்டும்போது. முந்தைய மின்னலின் இடியை இந்த மின்னலின் கணக்கில் எழுதிவிடுவோம். 14, 3, 11, 2 என்று விடைகள் தாறுமாறாக வந்தால் ஜோடி மாறிவிட்டது என்று அர்த்தம். தனியாக வருகிற மின்னலுக்குக் காத்திருக்க வேண்டும். அப்படி ஒன்று வராத அளவுக்கு வெட்டினால் எண்ணுவதை விட்டுவிட வேண்டியதுதான்.

இரண்டாவது, சத்தமே வராத மின்னல். இரவில் தொடுவானத்தில் மௌனமாக வெட்டுகிறதே, அதுவும் இடிக்கத்தான் செய்கிறது. உயரே போகப் போகக் காற்று குளிர்ச்சி, அங்கே சத்தத்தின் வேகம் குறைவு. அதனால் இடியோசை மேல்நோக்கி வளைந்து, 15 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர்களின் தலைக்கு மேலே போய்விடுகிறது. நகரத்தில் ஆட்டோவும் ஹாரனும் ஜெனரேட்டரும் சேர்ந்து அந்த எல்லையை இன்னும் குறைத்துவிடுகின்றன. இடி கேட்கவில்லை என்பதால் மின்னல் தூரத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. பக்கத்தில் தண்ணி லாரி நின்றிருக்கலாம்.

எண்ணி என்ன பயன் என்றால், ஒரே ஒரு முடிவெடுக்க. 30 விநாடிக்குள் இடி வந்தால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள். அந்தத் தூரத்திலிருக்கும் மேகத்தின் அடுத்த வீச்சு நம் தலைமேல் விழலாம். 30, 20, 9 எல்லாம் ஒன்றுதான்: கட்டடத்துக்குள்ளோ கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ போய்விட வேண்டும். மரத்தடி கூடாது. வானிலைக்காரர்கள் இப்போது இதையும் சுருக்கி, இடி கேட்டாலே உள்ளே போ என்கிறார்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆகும் வரை வெளியே வரக்கூடாது. மழை விட்டதும் வருபவர்களை நனைந்த மேகத்தின் மிச்ச மின்னல் தாக்கிய சம்பவங்கள் நிறைய. இந்தியாவில் 2022-இல் மட்டும் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம்.

எண்ணுங்கள், தப்பில்லை. ஜன்னலுக்கு உட்புறமாக நின்று எண்ணுங்கள். மூன்றால் வகுக்க மறக்காதீர்கள்.