x − vt: ஓடும் துடிப்பின் மூலத்தைத் தேடி

“சார், துடிப்பு வலப்பக்கம் போகுதுன்னா தூரம் கூடிக்கிட்டே போகுது. அப்போ கூட்டல் தானே வரணும், ஏன் கழிக்கிறோம்?” பதினோராம் வகுப்பில் அலைகள் பாடம் நடத்தும்போது யாராவது ஒருவர் தவறாமல் கேட்கும் கேள்வி இது. வழக்கமான விளக்கத்தைச் சொன்னேன். கேட்ட மாணவி அதை ஏற்றுக்கொண்டு அடுத்ததைக் கேட்டாள். “சரி சார், வடிவம் மாறாம நகர்ந்தா இப்படி எழுதலாம். ஆனா கயிறு ஏன் அந்த வடிவத்தை மாத்தாம நகர்த்துது?” என்னைத் தேட வைத்தது இந்த இரண்டாவது கேள்விதான். பாடப்புத்தகங்கள் முதல் கேள்விக்கு இரண்டு வரி ஒதுக்குகின்றன. இரண்டாவதற்குப் பெரும்பாலும் ஒன்றும் சொல்வதில்லை.

முதல் கேள்வியை ஒரு கணக்கில் வைத்துப் பார்ப்போம். வழுவழுப்பான தரையில் நீளமாகக் கிடத்திய கனமான கயிறு. அதில் 0 மீட்டர் குறியில் தொடங்கி நேர்கோடாக ஏறி, 3 மீட்டர் குறியில் 6 சென்டிமீட்டர் உயரத்தைத் தொட்டு, 4 மீட்டர் குறிக்குள் சடாரென்று இறங்கிவிடும் ஒரு முக்கோணத் துடிப்பு. பின்பக்கம் சரிவு, முன்பக்கம் செங்குத்து. t = 0 நொடியில் எடுத்த இந்தப் படம்தான் f. அதாவது f(1) = 2, f(2) = 4, f(3) = 6, f(4) = 0. துடிப்பு நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வலப்பக்கம் ஓடுகிறது.

5 நொடி கழித்து 12 மீட்டர் குறியில் என்ன உயரம் இருக்கும்? இப்போது அங்கே இருக்கும் வடிவத்தின் பகுதி, 5 நொடிக்கு முன் 10 மீட்டர் பின்னால், 2 மீட்டர் குறியில் இருந்தது. அங்கே உயரம் 4. ஆகவே இங்கேயும் 4. x − vt என்பது 12 − 10 = 2. கழித்தல் குறி வருவதன் காரணம் இவ்வளவே: துடிப்பு முன்னே போகிறது, ஆனால் ஒரு குறியில் நிற்பவர் கேட்கும் கேள்வி பின்னோக்கியது. “இப்போது என்னிடம் வந்திருப்பது, தொடக்கத்தில் எங்கே இருந்தது?” என்பதே அந்தக் கேள்வி.

பக்கத்துக்குப் பக்கம் ஒரே மாதிரியான அழகிய மேடு வேண்டாம் என்றுதான் இப்படிக் கோணலான துடிப்பை எடுத்தேன். 20 மீட்டர் குறியில் நின்று, உயரம் நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று வரைந்தால் y = f(20 − 2t). செங்குத்தான முன்முனை 8-ஆவது நொடியில் வரும், உச்சி 8.5-ஆவது நொடியில் வரும், வால் 10-ஆவது நொடியில் முடியும். நேர வரைபடத்தில் அரை நொடியில் விருட்டென்று ஏற்றம், பிறகு ஒன்றரை நொடிக்கு மெதுவான இறக்கம். கயிற்றின் படத்தில் வலப்பக்கம் இருந்த செங்குத்துப் பகுதி, இந்த வரைபடத்தில் இடப்பக்கம் வந்துவிட்டது. துடிப்பு திரும்பிவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு. கிடை அச்சில் மீட்டர் இருக்கிறதா நொடி இருக்கிறதா என்று முதலில் பார்த்தால் குழப்பம் தீரும். சமச்சீரான மேட்டில் இந்தத் தவறு வெளியே தெரியவே தெரியாது.

இதே வரைபடம் இன்னொன்றையும் சொல்கிறது. கயிற்றின் எந்தத் துண்டும் வலப்பக்கம் போகவில்லை. 20 மீட்டர் குறியில் உள்ள துண்டு அரை நொடியில் 6 சென்டிமீட்டர் ஏறியது, அதாவது நொடிக்கு 12 சென்டிமீட்டர். பிறகு நொடிக்கு 4 சென்டிமீட்டர் என்று இறங்கியது. முன்பக்கச் சாய்வு மீட்டருக்கு −6 சென்டிமீட்டர், பின்பக்கச் சாய்வு மீட்டருக்கு +2 சென்டிமீட்டர். எந்தத் துண்டுக்கும் மேல்கீழ் வேகம், துடிப்பின் வேகத்தைச் சாய்வால் பெருக்கி எதிர்க்குறி போட்டது. −2 × −6 = 12, −2 × 2 = −4. இந்த விதி பின்னால் தேவைப்படும்.

இதுவரை சொன்னது வெறும் இடப்பெயர்ச்சிக் கணக்கு. மேசையில் வைத்த அட்டை முக்கோணத்தை நகர்த்தினாலும் இதே f(x − vt)தான். கயிறு ஏன் அட்டையைப் போல நடந்துகொள்கிறது என்பதற்கு விடை தேடி, இந்தக் கோவை முதலில் எழுதப்பட்ட இடத்துக்குப் போனேன். அது பிரெஞ்சுக் கணித அறிஞர் ழான் லெ ரோன் தலம்பேரின் கட்டுரை. பெர்லின் அறிவியல் கழகத்தின் 1747-ஆம் ஆண்டுக்கான தொகுதியில் இருக்கிறது. தொகுதி அச்சானது 1749-இல். பொருள், இழுத்துக் கட்டி அதிரவிட்ட தந்தி எடுக்கும் வளைவு.

அவருக்கு முன்பே 1713-இல் இங்கிலாந்தின் புரூக் டெய்லர் தந்தியைப் பற்றி எழுதியிருந்தார். தந்தி எவ்வளவு வளைந்திருக்கிறதோ அந்த அளவுக்கு அதைத் திருப்பி இழுக்கும் விசை இருக்கும் என்ற அடிப்படை அவருடையது. ஆனால் அதிரும் தந்தியின் வடிவம் சைன் வளைவு என்பதோடு அவர் நின்றுவிட்டார். சைன் வளைவைத் தவிர எண்ணற்ற வளைவுகள் தந்திக்குப் பொருந்தும் என்று காட்டுவதே தன் நோக்கம் என்று தலம்பேர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்.

நான் தேடிப் போன x − vt அந்தக் கட்டுரையில் அந்த உருவில் இல்லை. வேகம் 1 ஆகிவிடும்படி அவர் அலகுகளைத் தேர்ந்துகொள்வதால் v காணாமல் போகிறது. தந்தியின் நீளத்துக்கு s, நேரத்துக்கு t. விடை Ψ(t + s) + Γ(t − s) என்று வருகிறது. ஒன்று இடப்பக்கம் ஓடும் வடிவம், மற்றது வலப்பக்கம் ஓடும் வடிவம்.

அந்த விடைக்கு அவர் போகும் வழியைப் படித்தபோது எனக்கு உண்மையான மகிழ்ச்சி. உயரம் நேரத்தோடு மாறும் வீதம் p, நீளத்தோடு மாறும் வீதம், அதாவது சாய்வு, q. இயற்பியல் விதி சொல்வது: p நேரத்தோடு மாறும் வீதமும் q நீளத்தோடு மாறும் வீதமும் சமம். இதை α என்போம். p நீளத்தோடு மாறும் வீதமும் q நேரத்தோடு மாறும் வீதமும் சமம் என்பது கணிதமே தரும் உண்மை. இதை ν என்போம். இனி p − q என்ற வித்தியாசத்தை மட்டும் கவனியுங்கள். நேரம் ஓர் அலகு நகர்ந்தால் அது α − ν வீதத்தில் மாறும். நீளம் ஓர் அலகு நகர்ந்தால் ν − α வீதத்தில் மாறும். நேரமும் நீளமும் சேர்ந்து சம அளவில் நகர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். வேகம் 1-இல் கூடவே போகிறவருக்கு p − q மாறுவதே இல்லை. ஆகவே அது t − s-ஐ மட்டும் பொறுத்தது. இதே போல p + q, t + s-ஐ மட்டும் பொறுத்தது. கூட்டிக் கழித்தால் விடை கையில். இரண்டு திசை ஓட்டங்களும் சமன்பாட்டுக்குள் முன்பே பின்னிக் கிடந்தன; கூட்டலும் கழித்தலும் அவற்றைப் பிரித்தன.

இப்போது மாணவியின் கேள்விக்கு வரலாம். கயிற்றின் சிறு துண்டு ஒன்றை அதன் இரு முனைகளிலும் இழுவிசை இழுக்கிறது. துண்டு நேராக இருந்தால், அது சாய்ந்தே இருந்தாலும், இரண்டு இழுப்பும் சமன். வளைந்திருந்தால் மட்டுமே மிச்ச விசை உண்டு. ஆகவே முடுக்கம் = (T/μ) × வளைவு. T இழுவிசை, μ ஒரு மீட்டர் கயிற்றின் நிறை. வளைவு என்று நான் இங்கே சொல்வது, சாய்வு நீளத்தோடு மாறும் வீதத்தை. மறுபக்கம், வடிவம் மாறாமல் ஓட வேண்டுமானால் ஒவ்வொரு துண்டும் எப்படி முடுக்கப்பட வேண்டும்? வேகம் என்பது −v × சாய்வு என்று பார்த்தோம். அதையே இன்னொரு முறை செய்தால் முடுக்கம் = v² × வளைவு.

இரண்டையும் அருகருகே வையுங்கள். இரு பக்கமும் அதே வளைவு. அது அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது v² = T/μ. இதில் f-இன் சுவடே இல்லை. உயரமான பகுதி, தட்டையான பகுதி, கூரான பகுதி எல்லாவற்றுக்கும் ஒரே வேகம். யாரும் முந்துவதில்லை, யாரும் பின்தங்குவதில்லை. அதனால்தான் வடிவம் நிலைக்கிறது. நம் கயிறு மீட்டருக்கு அரைக் கிலோ எடையுள்ளது என்றால், 2 நியூட்டன் இழுவிசையில் T/μ = 4, வேகம் நொடிக்கு 2 மீட்டர்.

இந்த விதி திசையைச் சொல்வதில்லை. அதே முக்கோணத்தைக் கையால் பிடித்து வைத்து, அசையாமல் விட்டால், அது 3 சென்டிமீட்டர் உயரமுள்ள இரண்டு முக்கோணங்களாகப் பிரிந்து ஆளுக்கொரு திசையில் ஓடும். வலப்பக்கம் மட்டும் ஓட வேண்டுமானால், தொடக்க நொடியிலேயே முன்பக்கம் நொடிக்கு 12 சென்டிமீட்டர் ஏறிக்கொண்டும் பின்பக்கம் 4 சென்டிமீட்டர் இறங்கிக்கொண்டும் இருக்க வேண்டும். கயிற்றின் நுனியைச் சுண்டும் கை அந்த வேகங்களையும் சேர்த்தே தருகிறது. ஒற்றைப் படத்தைப் பார்த்துத் துடிப்பு எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கவனமான வாசகர் ஒன்றைப் பிடித்திருப்பார். நம் முக்கோணத்தின் பக்கங்கள் நேர்கோடுகள்; அங்கே வளைவே இல்லை. மூலைகளிலோ சாய்வு திடீரென்று தாவுகிறது. அங்கே வளைவுக்கு ஓர் எண் சொல்ல முடியாது. பிறகு எந்த வளைவை அடித்தோம்? இதே கேள்விதான் 1748-இல் லியோனார்ட் ஆய்லர் தந்திச் சிக்கலைக் கையில் எடுத்ததும் பெரும் சண்டையாயிற்று. கையால் கிறுக்கிய எந்த வடிவமும் f ஆகலாம் என்றார் ஆய்லர். ஒரே கோவையால் எழுத முடிகிற வளைவுக்கு மட்டும்தான் என் விடை செல்லும் என்று தலம்பேர் பிடிவாதமாக நின்றார். என் பார்வையில் இருவர் பக்கமும் நியாயம் உண்டு. பிற்காலக் கணிதம் மூலையுள்ள வடிவங்களையும் விடையாக ஏற்கும்படி ‘விடை’ என்பதையே அகலப்படுத்திக்கொண்டது. அது ஆய்லர் பக்கம். ஆனால் அப்படி அகலப்படுத்த வேண்டியிருந்ததே தலம்பேரின் ஆட்சேபம் சரியானது என்பதற்குச் சான்று.

உண்மைக் கயிறு இதில் தலம்பேரையே ஆதரிக்கிறது. எந்தத் தந்திக்கும் கொஞ்சம் விறைப்பு உண்டு, பியானோவின் எஃகுத் தந்திக்கு நன்றாகவே உண்டு. விறைப்பு, வளைவு மாறும் விதத்தையும் விசைக்குள் கொண்டுவருகிறது. அப்போது இரு பக்கமும் அடிபடாது, v-க்குள் வடிவம் புகுந்துவிடும். குறுகிய நெளிவுகள் வேகமாக ஓட, கூரான மூலையின் முன்னால் சிற்றலைகள் முந்திக்கொண்டு போகும், மூலை மழுங்கும். குளத்தில் கல் எறிந்தாலும் அதே கதி: ஒற்றை மேடு ஓடுவதில்லை, பல வளையங்களாக விரிகிறது. சோதிக்க வழி எளிது. இரண்டு நேரங்களில் படம் எடுத்து, இரண்டாவதை vt அளவு பின்னுக்கு இழுத்து முதலாவதன் மேல் வையுங்கள். உயரம் மட்டும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால் உராய்வு. அகலமோ முன்பின் சரிவோ மாறியிருந்தால், ஒரே v எல்லாப் பகுதிக்கும் பொருந்தவில்லை என்று பொருள்.

இயற்பியல் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கரும்பலகையில் சமச்சீரான மேட்டை வரையாதீர்கள், ஒருபக்கம் செங்குத்தான முக்கோணத்தை வரையுங்கள். 20 மீட்டர் குறியில் நிற்பவருக்கு நேர வரைபடத்தைப் பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள். அதன் பிறகு v² = T/μ-ஐ வருவித்து, அதில் f எங்கே என்று அவர்களைத் தேட விடுங்கள்.