போகாத கறை

ரசம் நுரை கட்டி வருகிற நேரம். "அம்மா, கொஞ்சம் வாயேன்" என்று வித்யா கூப்பிட்ட குரலே சரியில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு ஓடினேன்.

அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு அவள் விண்ணப்பம் அனுப்ப ஜனவரி 1 கடைசி நாள். 2017-ல் ஹார்வர்டில் இடம் கிடைத்த பத்துப் பேராவது, ஒரு ஃபேஸ்புக் குழுவில் போட்ட விரசமான கேலிப் படங்களால் அந்த இடத்தையே இழந்தார்கள் என்று என்னவர் எப்போதோ சொல்லி வைத்தார். அதிலிருந்து இவளுக்குப் பயம். மூன்று நாளாக இன்ஸ்டாகிராமில் Your activity என்ற பகுதியைத் திறந்து, பழைய படங்கள், எழுதிய கருத்துகள் என்று தேய்த்துக் கழுவிக் கொண்டிருந்தாள். நீக்கிய படங்கள் உடனே போய்விடாதாம். Recently deleted என்ற இடத்தில் 30 நாள் வரை இருக்குமாம். அங்கேயும் போய் நீக்கினாள்.

கடைசியாக, "மத்தவங்க கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு பார்க்கணும்" என்று என் போனை வாங்கித் தன் பெயரைத் தேடினாள். அங்கேதான் அது வந்து நின்றது. பதிமூன்று வயதில், நாங்கள் சேலத்தில் இருந்தபோது ஆரம்பித்து மறந்தே போன கணக்கு. அதில் ஒரு கார்ட்டூன். வகுப்பில் திக்கிப் பேசும் ஒரு பெண். அவள் வாயிலிருந்து எழுத்துகள் உடைந்து உடைந்து விழுகின்றன. கீழே அந்தப் பெண்ணின் பெயர். அதற்கும் கீழே பதினைந்து பேரின் சிரிப்பு.

கூடவே ஒரு சிவப்பு இதயம். அதைப் போட்டது நான்!

நான் அப்போது படம் நன்றாக இருக்கிறதென்றுதான் அழுத்தியிருப்பேன். என்ன எழுதியிருக்கிறது என்று படித்தேனா? நினைவில்லை.

"அழிச்சுடேன்" என்றேன். அங்கேதான் சிக்கல். கடவுச்சொல் மறந்து போயிற்று. புதிதாக வாங்கலாமென்றால் ரகசிய எண் அவள் அப்பாவின் பழைய நம்பருக்குப் போகும். திருச்சிக்கு வந்ததும் அந்த சிம்மை விட்டுவிட்டோம். விட்ட நம்பரை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாமாம். கூப்பிட்டுப் பார்த்தோம், யாரோ ஒரு பெரியவர் எடுத்து, "ராங் நம்பர்மா" என்றார். அவரிடம் ரகசிய எண்ணைக் கேட்கலாமா என்றாள். "முன்பின் தெரியாதவர்கிட்ட அதைக் கேட்கிறது திருடனோட வேலை" என்று அப்பா தடுத்துவிட்டார். கணக்கில் மின்னஞ்சல் முகவரியும் கொடுக்கவில்லை. முகத்தை வீடியோ எடுத்துக் காட்டி மீட்கவும் ஒரு வழி உண்டு; ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கக் கணக்கில் அவள் முகப்படம் இருக்க வேண்டும். இதில் இருந்ததெல்லாம் கார்ட்டூன்கள்தான்.

புகார் கொடுத்தாள். மறுநாள், விதிகளை மீறவில்லை என்று பதில் வந்தது. மேலும் படித்துப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. சிலவகைக் கேலிகளை, கேலிக்கு ஆளானவரே புகார் செய்தால்தான் எடுப்பார்களாம்.

வித்யா முகத்தை மூடிக்கொண்டாள். "அவகிட்டப் போய், எனக்காக இதை எடுத்துக் கொடுன்னு கேட்கணுமாம்மா?"

"எடுத்துக் கொடுன்னு கேட்காதே. மன்னிப்பு மட்டும் கேளு. வழி இருக்குன்னு சொல்லிடு, செய்யறதும் செய்யாததும் அவ இஷ்டம்" என்றேன். சொல்லும்போதே என் இதயமும் அங்கே இருப்பது உறுத்தியது. அதை மட்டும் நான் ஒரு தட்டில் எடுத்துவிட்டேன். எடுக்க முடிந்தது அது ஒன்றுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேலத்துக்குப் பஸ் ஏறினோம். அந்தப் பெண் வாசலிலேயே நின்றாள். வித்யா சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு, நிதானமாக, நடுவில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "அதை அ...அன்னிக்கே பார்த்துட்டேன். பேச்சுப் போட்டிக்குப் பேர் கொடுத்திருந்தேன். வேண்டாம்னு எடுத்துட்டேன்."

"ஆன்ட்டி, நீங்களும் லைக் போட்டிருந்தீங்க" என்றாள் என்னைப் பார்த்து. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வார்த்தை வரவில்லை, அன்று திக்கியது நான்தான்.

புகார் செய்வதைப் பற்றி, "பார்க்கலாம்" என்றாள். அவ்வளவுதான். நாங்கள் மறுபடி கேட்கவில்லை.

விண்ணப்பம் போய்விட்டது. இதை எழுதும் இன்றுவரை அந்தப் படம் அங்கேயேதான் இருக்கிறது. "யாராவது கேட்டா, நான்தான் போட்டேன், பதிமூணு வயசில, தப்புன்னு சொல்லிடுவேன்" என்கிறாள் வித்யா.

சகோதரிகளே, வீட்டில் பழைய சிம்மை விடுவதற்கு முன், குழந்தைகள் எந்தெந்தக் கணக்கை அந்த நம்பரில் தொடங்கினார்கள் என்று கேட்டு, புது நம்பரை மாற்றிவிடுங்கள். இன்னொன்று, குழந்தை போட்ட படத்துக்கு இதயம் போடும் முன், கீழே இருப்பதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.