கடல் கடந்த மடல்: மாதச் சம்பளத்திலேயே தீரும் வரி

பிரிட்டனில் வரி ஆண்டு ஏப்ரல் 6 அன்று தொடங்கி அடுத்த ஏப்ரல் 5 அன்று முடிகிறது. சம்பளக்காரர்களில் பெரும்பாலோர் ஆண்டு முடிவில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்வதே இல்லை. ஒவ்வொரு சம்பள நாளிலும் முதலாளி வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறார், பிடித்ததை எச்.எம்.ஆர்.சி. என்ற வருவாய்த் துறைக்குக் கட்டிவிடுகிறார். இந்த ஏற்பாட்டுக்கு பி.ஏ.ஒய்.இ. என்று பெயர்; சம்பாதிக்கும்போதே வரியைக் கட்டிவிடுவது என்று பொருள்.

இது போர்க்காலத்தில் பிறந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் அந்நாட்டில் வருமான வரி கட்டியவர்கள் சுமார் 40 லட்சம் பேர். போர்ச் செலவுக்காக வரி விளிம்பைத் தாழ்த்தியபோது அந்த எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியது. ஆலைத் தொழிலாளிகளும் வரி வளையத்துக்குள் வந்தார்கள். அப்போதும் சம்பளத்தில் பிடித்தம் இருந்தது. ஆனால் பிடிக்கப்பட்டது முந்தைய மாதங்களின் வருமானத்துக்கான வரி. கூடுதல் நேர வேலையால் நிறைய சம்பாதித்த தொழிலாளி, அந்த வேலை நின்றுபோன பிறகு, குறைந்த கூலியிலிருந்து பழைய வரியைக் கட்ட வேண்டியிருந்தது. இதற்கு மாற்றாகத்தான் 1944 ஏப்ரல் 6 அன்று பி.ஏ.ஒய்.இ. நடைமுறைக்கு வந்தது. அதைக் கொண்டுவந்த நிதியமைச்சர் கிங்ஸ்லி வுட், திட்டத்தை அறிவிக்கவிருந்த 1943 செப்டம்பரில் திடீரென இறந்துபோனார். தொடங்கி வைக்கும் பொறுப்பு அடுத்து வந்த ஜான் ஆண்டர்சனுடையதாயிற்று.

இந்த முறையின் உயிர்நாடி, ஒவ்வொரு மாதமும் கணக்கை ஆண்டின் முதல் நாளிலிருந்து போடுவதுதான். மாதத்தைத் தனியாக எடுத்து வரி கணக்கிட்டால், ஏறி இறங்கும் வருமானம் உள்ளவருக்கு ஆண்டு முடிவில் கூட்டலோ குறைவோ நின்றுவிடும். பி.ஏ.ஒய்.இ.யில் ஏப்ரல் 6 முதல் இன்றுவரை வந்த சம்பளம் எவ்வளவு, இன்றுவரை சேர்ந்த வரிவிலக்கு எவ்வளவு, இன்றுவரை கட்டியிருக்க வேண்டிய வரி எவ்வளவு என்று பார்த்து, ஏற்கனவே கட்டியதைக் கழித்து, மிச்சத்தை மட்டும் பிடிக்கிறார்கள். கூடுதலாகப் பிடித்திருந்தால் அந்த மாதச் சம்பளத்தோடு பணம் திரும்பி வரும். வேலை மாறுபவர் பழைய முதலாளியிடம் பெறும் பி45 என்ற படிவத்தில் அதுவரையிலான சம்பளமும் வரியும் எழுதியிருக்கும். புதிய முதலாளி அந்த இடத்திலிருந்து எண்ணத் தொடங்குவார்.

முதலாளிக்கு வழிகாட்டுவது வரிக் குறியீடு. பலருடைய சம்பளச் சீட்டில் 1257L என்று இருக்கும். ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரையிலான வருமானத்துக்கு வரியில்லை என்பதன் சுருக்கம் அது. மாதத்துக்கு வகுத்தால் சுமார் 1,047.50 பவுண்டு. அதற்கு மேல் முதல் 37,700 பவுண்டுக்கு 20 சதவீத வரி. ஸ்காட்லாந்தில் மட்டும் விகிதங்கள் வேறு.

கோயம்புத்தூரிலிருந்து வந்து அக்டோபர் மாதம் லண்டனில் வேலைக்குச் சேரும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். மாதச் சம்பளம் 3,000 பவுண்டு. அக்டோபர் சம்பளம், வரி ஆண்டின் ஏழாவது மாதச் சம்பளம். அதற்குள் ஏழு மாத வரிவிலக்கு, அதாவது 7,332.50 பவுண்டு, அவர் கணக்கில் சேர்ந்துவிட்டது. எனவே அந்த மாதம் வரி இல்லை. நவம்பரிலும் டிசம்பரிலும் இல்லை. டிசம்பர்வரை வந்த சம்பளம் 9,000, சேர்ந்த விலக்கு 9,427.50. ஜனவரியில்தான் சம்பளம் விலக்கைத் தாண்டுகிறது: 12,000-க்கு எதிரே 10,475. மிஞ்சிய 1,525 பவுண்டுக்கு 305 பவுண்டு வரி. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் 390.50 வீதம். ஆக மொத்தம் 1,086 பவுண்டு.

அதே மனிதரின் சீட்டில் குறியீடு 1257L M1 என்று இருந்தால் கதை மாறிவிடும். M1 என்றால் முந்தைய மாதங்களை மறந்துவிட்டு இந்த மாதத்தை மட்டும் பார்க்கச் சொல்வது; அவசரக் குறியீடு என்பார்கள். ஆறு மாதமும் 390.50 வீதம் பிடித்து, மார்ச்சுக்குள் 2,343 பவுண்டு போயிருக்கும். 1,257 பவுண்டு கூடுதல். அவர் வராத ஆறு மாதத்துக்கு உரிய வரிவிலக்கு முழுவதும் கணக்கிலேயே வராமல் போனதுதான் காரணம்.

இது பெரும்பாலும் வேலையில் சேரும் நாளில், ஒரு படிவத்தில் நடக்கிறது. பி45 இல்லாதவர் அதில் மூன்று வாக்கியங்களில் ஒன்றைக் குறிக்க வேண்டும். ஏப்ரலுக்குப் பிறகு இதுவே முதல் வேலை என்பது ஒன்று. இடையில் வேறு வேலை பார்த்ததுண்டு என்பது மற்றொன்று. இதோடு இன்னொரு வேலையும் உண்டு என்பது மூன்றாவது. ஊரில் செப்டம்பர்வரை பார்த்த வேலையை மனத்தில் வைத்து இரண்டாவதைக் குறித்தால் M1 வந்து ஒட்டிக்கொள்ளும். மூன்றாவதைக் குறித்தால் BR வரும். அதில் விலக்கே கிடையாது, முதல் பவுண்டிலிருந்து 20 சதவீதம். வருவாய்த் துறைக்கு இணையத்திலோ தொலைபேசியிலோ சொல்லிக் குறியீட்டைத் திருத்தினால், அடுத்த சம்பளத்திலேயே கூடுதல் பணம் திரும்பும். மார்ச்சுக்குள் திருத்தாவிட்டால், வரி ஆண்டு முடிந்து துறை கணக்குப் பார்த்து அனுப்பும் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

சுயதொழில் செய்பவருக்கு வரியைப் பிடிக்க முதலாளி இல்லை. அவருக்காக இருப்பவை ஜனவரி 31, ஜூலை 31 என்ற இரண்டு தவணைகள். ஒவ்வொரு தவணையும் முந்தைய ஆண்டு வரியில் பாதி. முந்தைய வரி 1,000 பவுண்டுக்குக் குறைவாகவோ, வரியில் 80 சதவீதத்துக்கு மேல் வேறு வழியில் பிடிக்கப்பட்டோ இருந்தால் தவணை வேண்டாம்.

சிரமம் முதல் ஆண்டில்தான். 2023–24-இல் தொழில் தொடங்கியவருக்கு அந்த ஆண்டு வரி 4,000 பவுண்டு என்றால், 2025 ஜனவரி 31 அன்று அந்த நாலாயிரத்தோடு அடுத்த ஆண்டுக்கான முதல் தவணை 2,000-உம் சேர்ந்து 6,000 கேட்கப்படும். ஜூலையில் இன்னொரு 2,000. அடுத்த ஆண்டு வரி 5,000 ஆனால், 2026 ஜனவரியில் பாக்கி 1,000, புதிய தவணை 2,500, மொத்தம் 3,500 பவுண்டு. முதல் ஜனவரியைத் தாண்டிவிட்டால் பாரம் சீராகிவிடுகிறது. ஆனால் அந்த ஒன்றரை மடங்கைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் கடன் வாங்கும் நிலை சிறு தொழில்காரர்களுக்கு எளிதில் வந்துவிடும்.

இந்தியாவின் முன்கூட்டிய வரி இதற்கு நேர்மாறான அடிப்படையில் நிற்கிறது. அங்கே நடப்பு ஆண்டின் வருமானத்தை மதிப்பிட்டு, ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுவதும் கட்ட வேண்டும். மதிப்பீடு தவறிக் குறைவாகக் கட்டினால் வட்டி. பிரிட்டனில் மதிப்பிடும் வேலை இல்லை. போன ஆண்டுத் தொகை நிச்சயமாகத் தெரியும். அதற்கு விலையாக, தொழில் படுத்த ஆண்டிலும் நல்ல ஆண்டின் அளவில் தவணை கேட்கப்படும். வருமானம் குறைந்தவர் தவணையைக் குறைக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். அளவுக்கு மீறிக் குறைத்தால், குறைத்த தொகைக்குத் தவணை நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆகவே விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் வரவு செலவை ஒருமுறை முழுதாகக் கூட்டிப் பார்த்துவிடுவது நல்லது.